பத்திரிகையில பேர் போடும்போது

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல அச்சகத்துல ப்ரூஃப் பாத்தவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு எல்லாமே என் கை வழியா போயிருக்கு. இன்னைக்கு அதுல பேர் போடுறத பத்தி மட்டும் பேசலாம்னு வந்திருக்கேன்.

முதல்ல ஒரு சம்பவம் சொல்லிடறேன். ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, ஐநூறு அடிச்சு குடுத்தாச்சு, பாதி ஊருக்கு போயும் சேந்தாச்சு. நாலாவது நாள் அந்த வீட்டுக்காரர் கடைக்கு வந்து நிக்கிறார், முகமே சரியில்ல. என்னன்னு கேட்டா, வெளியூர்ல இருந்து அவரோட சித்தி போன் பண்ணி அழுதிருக்காங்க, "அக்கா போனத எங்ககிட்ட ஏண்டா சொல்லல"ன்னு. அந்த அக்கா, அதாவது மாப்பிள்ளையோட பாட்டி, வீட்டுத் திண்ணையில நல்லாத்தான் உக்காந்திருக்காங்க. பேர் எதுவும் தப்பில்ல, இனிஷியலும் தப்பில்ல. அந்த மேட்டர்ல ப்ரூஃப் ஓகேன்னு கையெழுத்து போட்டது நான்தான்.

அந்த வரி எப்படி இருந்துச்சுன்னா, பேர மாத்தி சொல்றேன், "காலஞ்சென்ற திரு. க. முத்தையா - திருமதி மு. வள்ளியம்மை அவர்களின் பேரன்". குடுத்தவங்க மனசுல காலஞ்சென்றது தாத்தாவுக்கு மட்டும்தான். ஆனா படிக்கிறவங்களுக்கு அது ரெண்டு பேர் மேலயும் விழுது. ஏன்னா காலஞ்சென்றங்கிறது பெயரெச்சம், அதுக்கு அப்புறம் ரெண்டு பேர சேத்து வச்சு கடைசியில ஒரே ஒரு "அவர்களின்" போட்டீங்கன்னா ரெண்டு பேரையும் சேத்துதான் அது பிடிக்கும். லேட்னு அடைப்புக்குறியில போட்டாலும் இதே கதைதான்.

இத சரி பண்ண ரெண்டு வழி இருக்கு. இருக்கிறவங்கள முன்னாடி போட்டுடலாம், "திருமதி மு. வள்ளியம்மை, காலஞ்சென்ற திரு. க. முத்தையா ஆகியோரின் பேரன்"னு. ஆனா சில வீட்ல தாத்தா பேர்தான் முதல்ல வரணும்னு பெரியவங்க சொல்வாங்க, அதுவும் நியாயம்தான், அப்ப வரிய ரெண்டா உடைச்சுடணும். "காலஞ்சென்ற திரு. க. முத்தையா அவர்களின் பேரனும்"னு ஒரு வரி, "திருமதி மு. வள்ளியம்மை அவர்களின் பேரனுமான"னு அடுத்த வரி. அந்த "உம்" வந்த உடனே ரெண்டு பேரும் தனித்தனியா ஆயிடுறாங்க. அன்னைக்கு அந்த வீட்டுக்கு மீதிப் பத்திரிகைய அப்படித்தான் திருப்பி அடிச்சோம்.

இலங்கைத் தமிழர்கள் மரண அறிவித்தல் போடுறத பாத்திருப்பீங்க, அதுல இதுக்குன்னே ஒரு சொல் வச்சிருக்காங்க. ரெண்டு பேருமே இல்லன்னா "காலஞ்சென்றவர்களான கந்தையா, பொன்னம்மா தம்பதிகளின் அன்பு மகளும்"னு பன்மையில எழுதுவாங்க, ஒருத்தர் மட்டும் இல்லன்னா வெறும் "காலஞ்சென்ற". அந்த "வர்களான" ஒண்ணு இருக்கிறதால குழப்பமே வராது. நம்ம ஊர்ப் பத்திரிகையிலயும் ரெண்டு பேரும் தவறிட்டாங்கன்னா தாராளமா அப்படி போடலாம், நான் நெறைய பேருக்கு போட்டுக் குடுத்திருக்கேன்.

அடுத்தது இனிஷியல். இதுல நடக்குற தப்பு பெரும்பாலும் வாட்ஸப்ல இங்கிலீஷ்ல பேர் அனுப்புறதால வருது. எஸ். குமார்னு வரும், டிடிபி பண்ற பொண்ணு அத "ச. குமார்"னு அடிச்சிடும், அவங்க அப்பா பேர் சுந்தரமா இருக்கும். தமிழ்ல இனிஷியல்னா அப்பா பேரோட முதல் எழுத்து அப்படியே உயிரோட வரணும், சுந்தரம்னா சு, சண்முகம்னா ச, செல்லையான்னா செ. இங்கிலீஷ்ல மூணுக்கும் ஒரே எழுத்துதான், அதனால அப்பாவோட முழுப்பேர கேக்காம தமிழ் இனிஷியல் போடவே முடியாது. அரசாங்க ஆவணத்துல இனிஷியலும் தமிழ்லயே இருக்கணும்னு தமிழ்நாடு அரசு 2021-ல சொன்ன பிறகு நெறைய பேர் தமிழ்லயே கேக்குறாங்க, நல்ல விஷயம். ஆனா ஒரே பத்திரிகையில அப்பாவுக்கு "எஸ்.", மகனுக்கு "சு.", சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துன்னு கலந்து போடாதீங்க, அண்ணன் தம்பியவே வேற வேற குடும்பம்னு நெனச்சிடுவாங்க.

ரெண்டு இனிஷியல் இருந்தா பேருக்கு பக்கத்துல இருக்கிறதுதான் அப்பாவோடது, அதுக்கு முன்னாடி வர்றது ஊரு இல்லன்னா தாத்தா. உ.வே.சா. பேர்ல உ-ங்கிறது உத்தமதானபுரம், வே-ங்கிறது அப்பா வேங்கட சுப்பையர். இந்த வரிசைய மாத்துனா அர்த்தமே மாறிடும். இன்னொண்ணு, திரு.வி.க.வில இருக்கிற "திரு" மரியாதைக்கு போட்டது இல்லங்க, அது திருவாரூர். அதனால இனிஷியல் ஒரே எழுத்துதான் இருக்கணும்னு நெனச்சு வெட்டிடக் கூடாது, வீட்ல எப்படி எழுதிட்டு வர்றாங்களோ அதுதான் சரி.

மணமக்கள் பேருக்கு முன்னாடி வர்ற அடைமொழிய சொல்லிடறேன். திருவளர்செல்வன், திருநிறைசெல்வி, இதுல நடுவுல "ச்" வராது, ஏன்னா ரெண்டுமே வினைத்தொகை, வினைத்தொகையில வல்லினம் மிகாது. முக்கால்வாசி பத்திரிகையில "திருவளர்ச்செல்வன்"னுதான் இருக்கு. வீட்ல இன்னும் கல்யாணம் ஆகாத தம்பி தங்கச்சி இருந்தா திருவளர், கடைசிப் பிள்ளைக்கு திருநிறைன்னு ஒரு வழக்கம் பல ஊர்ல இருக்கு, அத வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுக்கங்க.

இறந்தவங்களுக்கான சொல், அது அவங்க நம்பிக்கைய ஒட்டி இருக்கணும். இஸ்லாமியர்னா மர்ஹூம், பெண்கள்னா மர்ஹூமா. கிறிஸ்தவங்க வீட்ல கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னு போடுவாங்க. சைவர்களுக்கு சிவபதம், வைணவர்களுக்கு ஆசார்யன் திருவடி, கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு இயற்கை எய்தினார். வாழ்நாள் முழுக்க கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தருக்கு பழைய ஃபைல எடுத்து பேர மட்டும் மாத்தி சிவலோக பதவின்னு ஃபிளக்ஸ் அடிச்சு மாட்டினா, அந்த மனுஷனுக்கு நாம செய்யிற மரியாதை அதுவா? அப்புறம், தெய்வத்திருன்னு போட்டாச்சுன்னா திரும்ப காலஞ்சென்ற, அமரர்னு அடுக்க வேண்டாம், ஒண்ணு போதும்.

கணவர் தவறின பிறகு அம்மா பேருக்கு முன்னாடி திருமதி போடலாமான்னு தயங்கித் தயங்கி கேப்பாங்க. போடணும்ங்க. கணவர் போனதால அவங்க இனிஷியலும் மாறாது, திருமதியும் போகாது. "தங்கள் நல்வரவை நாடும்"ங்கிற இடத்துல அம்மா பேர விட்டுட்டு பெரியப்பா பேர மட்டும் போடுற வீடு இன்னும் இருக்கு, பெத்து வளத்தவங்க பேர்தான் அங்க முதல்ல வரணும்னு நான் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் பாப்பேன், பல பேர் மாத்தியும் இருக்காங்க.

பெண்கள் தவறும்போது இன்னொரு சிக்கல் வரும். அவங்களுக்கு கணவர் இனிஷியல்தான் போஸ்டர்ல இருக்கும், பொறந்த ஊர்ல அந்த இனிஷியல வச்சு யாருக்கும் அடையாளம் தெரியாது. அதனால "இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமான"னு ரெண்டு ஊரையும் சேத்து ஒரு வரி போடுங்க. ராத்திரி பதினொரு மணிக்கு போன்ல சொல்லி விடியறதுக்குள்ள ஒட்டுற போஸ்டர் அது, அழுதுட்டு இருக்கிறவங்க சொல்லச் சொல்லத்தான் எழுதணும். அதனால நான் எழுதினத அவங்களுக்கே திருப்பி வாசிச்சு காட்டுவேன், ஒவ்வொரு பேருக்கும் நிறுத்தி "இவங்க இருக்காங்களா"ன்னு கேட்டு, இருக்காங்கன்னு சொன்னா பக்கத்துல ஒரு டிக் போட்டுக்குவேன்.