சூரியனை எடை போட்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள். கிழக்கே போகும் வழி அடைபட்டது. அதனால் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள்." இந்த மூன்று வரியை எழுதி மதிப்பெண் வாங்காதவர் நம்மில் குறைவு. எனக்கு இந்த வரிகளோடு நெடுநாள் வழக்கு உண்டு. வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். போர்ச்சுகல் கடல் தாண்டி வட ஆப்பிரிக்காவில் சியூட்டா நகரைப் பிடித்தது 1415-இல். அவர்கள் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பொஹடோர் முனையைத் தாண்டியது 1434-இல். கான்ஸ்டான்டிநோபிள் விழ இன்னும் 19 வருடம் இருக்கிறது!

அதோடு, மிளகு அந்த வழியாகவா பெரும்பாலும் போனது? மலபாரில் கப்பல் ஏறும். அரபிக்கடலைத் தாண்டி, செங்கடலுக்குள் நுழைந்து, கெய்ரோ வழியாக அலெக்சாண்டிரியா போய்ச் சேரும். அங்கே வெனிஸ் வணிகர்கள் காத்திருப்பார்கள். எகிப்தை அப்போது ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள், துருக்கியர் அல்ல. துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517-இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்து 19 வருடம் கழித்து. ஆக, வழி அடைபடவில்லை. வழி திறந்துதான் இருந்தது, ஆனால் வழிநெடுகச் சுங்கச்சாவடி. ஏடனில் ஒரு கை, கெய்ரோவில் ஒரு கை, கடைசியில் வெனிஸ்காரர் கை. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மூட்டையை நகர்த்தும். ஐரோப்பாவின் மேற்கு மூலையில் இருந்த போர்ச்சுகலுக்கு அந்தச் சங்கிலியில் இடமே இல்லை. மிளகு விளையும் ஊருக்கே நேராகப் போய்விட்டால்? இதுதான் ஆசை. மேற்கு ஆப்பிரிக்கத் தங்கமும், கிழக்கே எங்கோ ஒரு கிறிஸ்தவ மன்னர் இருக்கிறார், அவரோடு கை கோக்கலாம் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டன.

சரி, ஆசை இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே தெற்கே போய்விட வேண்டியதுதானே என்று தோன்றும். போக முடியாது, காற்று விடாது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே அந்தக் கரையோரம் காற்று தெற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். அதனால் கப்பலை மேற்கே திருப்பி, நடுக்கடலில் ஒரு பெரிய வில் போல வளைந்து போய், தெற்கே மேற்கிலிருந்து வீசும் காற்று கிடைத்ததும் கிழக்கே திரும்ப வேண்டும். காமா 1497-இல் அப்படிப் போனபோது சுமார் மூன்று மாதம் கண்ணில் கரையே படவில்லை. கரை தெரியாதவனுக்கு ஒரே கேள்விதான்: எவ்வளவு தெற்கே வந்திருக்கிறோம்? எப்போது திரும்புவது?

வடக்கே இருந்தவரை துருவ நட்சத்திரம் பதில் சொன்னது. அது எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி வடக்கே நாம் இருக்கிறோம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அது கடலுக்குள் இறங்கிவிடும். தாண்டினால் இல்லவே இல்லை. மிச்சமிருப்பது சூரியன்தான்.

ஆனால் சூரியன் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. சித்திரை மாதத்து உச்சிவேளையில் நம் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மார்கழியில் அதே நேரத்தில் வடக்கே நீளும். உத்தராயணம், தட்சிணாயனம் என்கிறோமே, அதுதான். எனவே உயரத்தை அளந்தால் மட்டும் போதாது. இன்றைக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே எத்தனை டிகிரி, தெற்கே எத்தனை டிகிரி என்று தேதிவாரியாகச் சொல்லும் அட்டவணை வேண்டும். ஆப்ரஹாம் ஸகூட்டோ என்ற யூத வானியலாளரின் அட்டவணைகள் 1496-இல் போர்ச்சுகலில் லெய்ரியா நகரில் அச்சாயின. உயரம் அளக்கும் கருவியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அட்டவணை இல்லாவிட்டால் அந்தக் கருவி வெறும் பித்தளை வளையம், அவ்வளவுதான்.

வளையம் என்றுதான் சொன்னேன். கடல் அஸ்ட்ரோலேப் ஒரு கனமான வளையம். காற்று பிடித்து ஆட்டாமலிருக்க நடுவே வெட்டித் திறந்திருப்பார்கள், அடிப்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். மையத்தில் சுழலும் ஒரு பட்டை, அதன் இரு முனையிலும் ஊசித்துளை வைத்த தகடு. கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கக்கூடாது, கண் போய்விடும். வளையத்தைத் தொங்கவிட்டு, மேல்துளையில் நுழையும் வெயில் கீழ்த்துளையின் மேல் விழும்வரை பட்டையைத் திருப்ப வேண்டும். தராசு பிடித்தவர் போல நிற்பதால் மாலுமிகள் இதைச் சூரியனை எடை போடுவது என்றே சொன்னார்கள். நண்பகலுக்கு முன்பே தொடங்கி, திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். உயரம் ஏறும், சற்று நிற்கும், பிறகு இறங்கும். உச்சத்தில் வந்த எண்தான் கணக்கு.

ஒரு நாளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? மனக்கணக்குதான். 1500-ஆம் வருடம் ஏப்ரல் 27, இன்றைய காலண்டரில் மே 7. கோழிக்கோட்டுக்குக் கிளம்பிய போர்ச்சுகல் தளபதி கப்ராலின் கப்பல்கள் அதே வில்லில் மேற்கே போனதில் பிரேசில் கரையைத் தொட்டு நிற்கின்றன. மெஸ்ட்ரே ஜொவாவ் என்ற மருத்துவர், வானியலும் தெரிந்தவர், கரையில் இறங்கிச் சூரியனை அளக்கிறார். 56 டிகிரி. தலைக்கு நேர்மேல் 90 அல்லவா? 90-இல் 56 போனால் 34. உச்சியிலிருந்து சூரியன் 34 டிகிரி வடக்கே சரிந்து நிற்கிறது. அன்றைக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பது சுமார் 17 டிகிரி. 34-இல் 17 போனால் மிச்சம் 17. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 17 டிகிரியில் இருக்கிறோம். இன்று அந்த இடத்தை அளந்தால் 16 டிகிரியும் ஒரு மூன்றில் ஒரு பங்கும். ஒரு டிகிரி என்பது 111 கிலோமீட்டர். அவர் தவறவிட்டது சுமார் 75 கிலோமீட்டர்தான்.

இது கரையில். கப்பலில் என்றால்? அரசருக்கு எழுதிய கடிதத்தில் அவரே புலம்புகிறார்: கப்பலோ சிறியது, சுமையோ அதிகம், காலில் உள்ளங்கையைவிடப் பெரிய புண். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் நட்சத்திரத்தை அளந்தால் நான்கைந்து டிகிரி பிசகுகிறது, கரையில் இறங்கினால்தான் முடியும் என்கிறார். நான்கைந்து டிகிரி என்றால் ஐந்நூறு கிலோமீட்டர்! காமாவும் அப்படித்தான். கரையைக் கண்டதும் மூன்று கம்பை முக்காலிபோல் நட்டு, பெரிய மர அஸ்ட்ரோலேப்பைத் தொங்கவிட்டு அளந்தார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனைக்குச் சுமார் இரண்டு டிகிரி முன்னாலேயே கிழக்கே திரும்பிவிட்டிருந்தார்கள்.

அதே கடிதத்தில் 'இந்தியப் பலகை' ஒன்றையும் மெஸ்ட்ரே ஜொவாவ் திட்டுகிறார். அது நமக்குத் தெரிந்த பொருள். நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு கோத்த சிறு மரப்பலகை. அரபு மாலுமிகள் கமால் என்பார்கள், சோழமண்டலக் கரையில் ராப்பலகை. கயிற்று முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்த வேண்டும். அளவு விரற்கடைக் கணக்கு. லிஸ்பனிலிருந்து கேனரித் தீவுக்குள்ளேயே இதை வைத்து ஆளுக்கொரு கணக்கு, மூன்று நான்கு விரற்கடை வித்தியாசம் என்று சிரிக்கிறார். பலகையைச் சொல்லிக் குற்றமில்லை. அரபிக்கடலின் அமைதியான பருவத்தில், பிறந்தது முதல் அதைக் கடித்துப் பழகியவர் கையில் அது துறைமுகத்தில் கொண்டு சேர்த்துவிடும். அட்லாண்டிக்கில் புதிதாகக் கையிலெடுத்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கிழக்கு மேற்குக் கணக்கைப் பாதி நேரம் பேசலாம் என்றிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் வடக்கு தெற்கு மட்டும்தான். எவ்வளவு கிழக்கே வந்தோம் என்பதைச் சூரியன் சொல்லாது. புறப்பட்ட ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால், இங்குள்ள மணியோடு ஒப்பிட்டு, நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று போடலாம். ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. அதனால் இரண்டரை நூற்றாண்டு காலம் மாலுமிகள் வேகத்தையும் நாளையும் பெருக்கி ஊகித்தார்கள். ஜான் ஹாரிசன் செய்த கைக்கடக்கமான கடிகாரம் 1761-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது பிந்தியிருந்தது ஐந்து வினாடி. கடலில் அது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

வணக்கம்.