சொல் எங்கே நழுவுகிறது? டி.எல்.டி. உள்ள குழந்தையின் பேச்சைக் கிட்டப் போய்க் கேட்போம்

[திரையில்: ஒரு மேசை. ஒரு பக்கம் ஆறு வயதுச் சிறுவன், எதிரே பேச்சு மொழிப் பயிற்சியாளர்.]

இந்தப் பையனைக் கவின் என்று வைத்துக்கொள்வோம். விளக்குவதற்காக நான் உருவாக்கிய குழந்தைதான், ஆனால் இவன் செய்யும் தவறுகள் பயிற்சியாளர்கள் அடிக்கடி கேட்கிற மாதிரியானவை. காது கேட்கும் திறனைப் பரிசோதித்தாயிற்று, குறையில்லை. ஆட்டிசமோ மூளைக் காயமோ கிடையாது. உச்சரிப்பும் தெளிவு. "நல்லாத்தானே பேசறான்" என்கிறார் அம்மா. ஆனாலும் வகுப்பில் சொல்வது அவனுக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது.

இதற்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர், சுருக்கமாக டி.எல்.டி. உளவியலாளர் டாரத்தி பிஷப் முன்னின்று நடத்திய நிபுணர் குழு 2017-இல் இந்தப் பெயரைப் பரிந்துரைத்தது. ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு குழந்தைகளிடம் இது இருக்கிறது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

"மொழி வராது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இந்தக் குழந்தைகளைப் புரிந்துகொள்ளவே முடியாது. மொழியில் சில இடங்கள்தான் மற்றவற்றைவிட அதிகமாக அடி வாங்குகின்றன. அப்படி இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

[திரையில்: நான்கு அட்டைகள். லீபு, கமூலி, நெபாதுகி, தோமிலபாகு.]

இவற்றுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. பயிற்சியாளர் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் சொல்வார், குழந்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

"லீபு." கவினும் "லீபு" என்கிறான். "கமூலி." அதுவும் சரி. "நெபாதுகி." ஒரு நொடி தயங்கி "நெபாகி" என்கிறான். "தோமிலபாகு" என்றதும் அவனிடமிருந்து வருவது "தோமிபாபு".

இந்தக் கடைசி இரண்டையும் கொஞ்சம் கவனியுங்கள். 'நெபாதுகி'யில் நான்கு மெய்யொலிகள், அவற்றில் மூன்றைப் பிடித்துவிட்டான். 'தோமிலபாகு'வில் ஐந்தில் மூன்று. 'ல' காணாமல் போய்விட்டது. கடைசியில் வர வேண்டிய 'கு', பக்கத்திலிருந்த 'பா'வின் ஒலியை வாங்கிக்கொண்டு 'பு' ஆகிவிட்டது. இவனால் 'க' சொல்ல முடியாதா? 'கமூலி'யில் சொன்னானே. நாக்கில் சிக்கல் இல்லை. கேட்ட ஒலிகளை அதே வரிசையில் சில நொடிகள் மனதில் தாங்கி வைப்பதுதான் சிரமமாக இருக்கிறது. அதனால்தான் இரண்டு, மூன்று அசைகளில் ஒன்றும் தெரியாமல், நான்கு, ஐந்து என்று நீளும்போது பிடி விட்டுப்போகிறது.

இந்தச் சோதனையை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. 1990-இல் கேதர்கோல், பேட்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் மொழிக் குறைபாடுள்ள குழந்தைகள் இதில் தடுமாறுவதைக் காட்டினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து பிஷப்பும் அவருடைய சகாக்களும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இந்தத் தடுமாற்றத்தில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு இருப்பது தெரிந்தது. பேச்சு சரியாகிவிட்டதாகத் தோன்றிய குழந்தைகளிடமும் அது மறையாமல் இருந்தது. இன்னொன்று, இந்தச் சொற்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் புதிது. அதனால் சொல்வளச் சோதனை அளவுக்கு வீட்டுச் சூழலையோ வேறு மொழி பேசி வளர்ந்ததையோ இது தண்டிப்பதில்லை.

ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. எழுத்துக்கூட்டி வாசிப்பதில் சிரமப்படும், டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளில் பலரும் இதில் குறைவாகத்தான் எடுப்பார்கள்.

சரி, அன்றாடத்தில் இதனால் என்ன ஆகிறது? குழந்தைக்கு ஒவ்வொரு புதுச் சொல்லும் முதலில் ஒரு 'நெபாதுகி'தான். ஒலி வடிவம் அரைகுறையாகப் பதிந்தால், அதன்மேல் அர்த்தத்தை ஏற்றுவது கஷ்டம். மற்றக் குழந்தைகளைவிட அதிகத் தடவை கேட்டால்தான் சொல் நிலைக்கிறது.

அப்புறம் இலக்கணம். இங்கே தவறுகள் மொழிக்கு மொழி வேறு உருவம் எடுக்கின்றன.

[திரையில்: 'டூ கேட்ஸ்' என்பதும், அதன் கீழே 'ஷீ வாக்' என்பதும்.]

அதிகம் ஆராயப்பட்டது ஆங்கிலம். அங்கே டி.எல்.டி. உள்ள ஐந்து வயதுக் குழந்தை 'டூ கேட்ஸ்' என்று பன்மையைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் 'ஷீ வாக்ஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஷீ வாக்' என்று நிறுத்திவிடும். இரண்டிலும் கடைசியில் வருவது அதே 'ஸ்' ஒலி. ஒலிதான் சிக்கல் என்றால் இரண்டும் சேர்ந்தே விழ வேண்டும். வினைச்சொல்லில் காலத்தையும் எழுவாயையும் காட்டுகிற 'ஸ்' மட்டும் விழுகிறது. ரைஸ், வெக்ஸ்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990-களின் நடுவில் இதை விரிவாக எழுதினார்கள். இன்னொன்றையும் கவனித்தார்கள்: இந்தக் குழந்தைகள் 'ஐ வாக்ஸ்' என்று தப்பான இடத்தில் விகுதியைப் போடுவது அபூர்வம். விதி தாறுமாறாகிவிடவில்லை. அதைக் கட்டாயமாகப் போட வேண்டும் என்பது மட்டும் நெடுநாள் உறைக்காமல் இருக்கிறது.

இத்தாலிய மொழிக் குழந்தைகள் வினை விகுதிகளை ஓரளவு நன்றாகவே சமாளிக்கிறார்கள். அங்கே வினைக்கு முன்னால் ஒட்டி வரும், 'அதை' என்று பொருள் தரும் 'லோ' போன்ற, அழுத்தமே இல்லாத குட்டிப் பிரதிப்பெயர்கள்தான் உதிர்கின்றன. ஆக, ஒரு மொழியில் கண்ட அறிகுறியை அப்படியே இன்னொரு மொழியில் தேடினால் குழந்தையைத் தவறவிட்டுவிடுவோம். தமிழையே பாருங்கள். ஆங்கில 'வாக்' தனியாக நிற்கும், நம்முடைய 'நட' தனியாக நின்றால் கட்டளையாகிவிடும். 'அவள் நட' என்பதை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் கிடைக்காது.

எங்கே தேடலாம்? பல மொழிகளிலும் இந்தக் குழந்தைகள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்று பொதிந்திருந்து, யார் யாரை என்பதும் வழக்கத்துக்கு மாறாக இருக்கும் இடம் அது.

[திரையில்: இரண்டு படங்கள். ஒன்றில் நாய் பூனையைத் துரத்துகிறது, மற்றதில் பூனை நாயைத் துரத்துகிறது.]

'பூனையைத் துரத்திய நாய்', 'பூனை துரத்திய நாய்'. இரண்டுக்கும் நடுவே ஒரு 'ஐ'தான் வித்தியாசம். அதைப் பிடித்தால்தான் யார் யாரைத் துரத்தியது என்று தெரியும்.

பயிற்சியாளர் சொல்கிறார்: "கவின், நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுப்பா. பூனை துரத்திய நாய் மரத்தடியில் படுத்தது."

"நாய் பூனையைத் துரத்தி மரத்தடியில் படுத்தது."

நாய், பூனை, துரத்தல், மரத்தடி, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 'துரத்திய' என்ற பெயரெச்சம் கலைந்து 'துரத்தி' ஆகிவிட்டது. இலக்கணம் கைகொடுக்காத இடத்தில் உலக அறிவு வந்து நிரப்பிவிட்டது, நாய்தானே பூனையைத் துரத்தும். படத்தைக் காட்டச் சொன்னாலும் நாய் துரத்தும் படத்தில்தான் விரல் வைக்கிறான். அதனால் பேசும்போது வந்த சறுக்கல் என்று இதை ஒதுக்க முடியாது. புரிந்துகொள்வதிலும் அதே இடம்தான் நழுவுகிறது.

வீட்டில் இது ஏன் தெரியவில்லை? வீட்டுப் பேச்சு பெரும்பாலும் 'வா, சாப்பிடு, இதை எடு'தான். சூழ்நிலையே பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். பாடப்புத்தகத்தில் 'பூனை துரத்திய நாய்' மாதிரி வாக்கியங்கள் வரும்போதுதான் குறை வெளியே தெரிகிறது. அதற்குள் 'கவனம் இல்லை' என்று ஆசிரியர் எழுதிவிட்டிருப்பார்.

பயிற்சியாளர் கவினின் தாளில் எழுதுகிறார்: இரண்டு, மூன்று அசைகள் முழுச் சரி. நான்கில் ஒரு மெய் தவறு, ஐந்தில் இரண்டு. பெயரெச்ச வாக்கியத்தில் பொருள் தலைகீழ். பிறகு அம்மாவிடம் கேட்கிறார்: "வீட்ல வேற மொழி ஏதாவது பேசுவீங்களாம்மா? அதுலயும் ஒருதடவை பார்த்துடலாம்." இரண்டு மொழி பேசும் குழந்தை ஒரு மொழியில் மட்டும் பின்தங்கியிருந்தால், அந்த மொழி காதில் விழுவது குறைவாக இருந்திருக்கலாம். டி.எல்.டி. என்றால் இரண்டு மொழியிலும் தடம் தெரியும்.