ஸூம் அறையில் கிடைத்த 8 நிமிடம்

வணக்கம் மக்களே. பின்னால் இரைச்சலாக இருந்தால் மன்னிக்கவும், டச்பே கடற்கரையில் இருந்துதான் கதைக்கிறேன். வீட்டில் கரண்ட் இல்லை.

உப்புவெளியில் எங்களுக்கு ஒரு சின்ன தங்குமிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன கிழமை சுற்றுலாத் தொழில் செய்பவர்களுக்கான ஸூம் நிகழ்வு ஒன்றில் சேர்ந்தேன். இரண்டு மணித்தியாலம் பேச்சு. எனக்குப் பயன்பட்டது நடுவில் வந்த 8 நிமிடம் மட்டும்தான். பிரேக்அவுட் அறை, அதாவது பெரிய கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து விடும் தனி அறை.

முந்திய நிகழ்வில் இதே மாதிரி அறையில் ஏமாந்தேன். ஐந்து பேர் இருந்தோம். கண்டியில் பயணக்குழு நடத்தும் ஒருவர் தன் வட்ஸ்அப் இலக்கத்தை சாட்டில் போட்டார். பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். அறை மூடி, எல்லோரும் பெரிய கூட்டத்துக்குத் திரும்பிய பிறகு தேடினால் அந்த இலக்கத்தைக் காணவில்லை. பிரேக்அவுட் அறையில் எழுதுவது அந்த அறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். வெளியே வந்து தேடலாம் என்று நம்பியிருக்காதீர்கள்.

அதனால் இந்த முறை அறைக்குள் நுழைந்ததும் பேனையும் கொப்பியும் எடுத்தேன். எல்லோரும் மற்றவர் தொடங்கட்டும் என்று பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனத்திலேயே ஒரு நிமிடம் போய்விடும். நான் முதலில் பெயர், ஊர், எனக்கு வேண்டியது என்ன என்று மூன்றே வசனம் சொன்னேன்: "திருகோணமலை, ஆறு அறை. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, ஆட்கள் வருவார்கள். மழைக்காலத்தில் வருகிறவர்களை எப்படிப் பிடிப்பது?" எல்லா அறையும் மூடப் போகிறது என்று திரையில் வழக்கமாக 60 செக்கன் எண்ணிக்கை ஓடும். அது ஓடத் தொடங்க முதலே இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

சாட்டில் இன்னொரு ஆபத்து. ஒருவருக்கு மட்டும் அனுப்ப நினைத்து "Everyone" என்பதை மாற்றாமல் அனுப்பிவிட்டேன். "பேச்சாளர் எப்போது முடிப்பார்?" என்று. நூறு பேர் பார்த்தார்கள். பேச்சாளரும்தான். அனுப்ப முன் பெறுநர் பெயரைப் பாருங்கள், சரியா?

இனி தகவல் அனுப்புவது. "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் அனுப்பினால் பதில் வருவது அரிது, அதற்கு என்ன பதில் எழுதுவது? அன்று இரவே, அறையில் இருந்த ஒரு அக்கா சொன்னதைப் பிடித்து அவருக்கு எழுதினேன்: "வணக்கம் அக்கா. இன்று 4 ஆம் அறையில் இருந்த திருகோணமலைக்காரி நான். டிசெம்பரில் மாணவர் குழுக்கள் வருவதாகச் சொன்னீர்கள். 25 பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு நேரச் சாப்பாட்டோடு விலை அனுப்பலாமா?" ஆம், இல்லை என்று சொன்னாலே போதும்.

அடுத்த நாள் காலை "அனுப்புங்கோ தங்கச்சி" என்று வந்தது. ஆறு அறையில் 25 பேரை எப்படிப் படுக்க வைப்பது என்று இப்போது அம்மா என்னோடு சண்டை. பக்கத்துத் தங்குமிடக்காரரிடம் கேட்கத்தான் இந்தப் பக்கம் வந்தேன்.