சென்னிமலைச் சாலையில் ஒரு சீசன்: 21 கிலோமீட்டருக்கு 16 வாரம்

வணக்கம்ங்க. இப்போது கீழ்பவானி வாய்க்கால் கரையில் நிற்கிறேன். பெருந்துறையில் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒரு தம்பியை, டிசம்பரில் கோவையில் நடக்கும் அரை மாரத்தானுக்குத் தயார் செய்தோம். அந்த 16 வாரக் கணக்கைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

தம்பி பல வருடமாக வேலைக்குச் சைக்கிளில் போய்வருபவர். மூச்சு நன்றாக இருந்தது. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் முதல் வாரம் ஓடியதுமே ஆடுசதை இறுகிப் போனது. சைக்கிளில் சீட்டு உடம்பைத் தாங்கிக்கொள்ளும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்கும். எந்த வேலைக்குப் பழக்குகிறோமோ அந்த வேலைக்குத்தான் உடம்பு தயாராகும். அதனால் சைக்கிளை ஓய்வு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, வாரம் நான்கு நாள் ஓட்டம் என்று வைத்தோம்.

முதல் வாரம் மொத்தம் 20 கிலோமீட்டர், அடுத்து 23, அப்புறம் 26. நான்காவது வாரம் மறுபடி 20க்கு இறக்கினோம். "நல்லாத்தானே போகுதுங்கண்ணா, எதுக்குக் குறைக்கோணும்?" என்று கேட்டார். சுமை ஏற்றும்போது உடம்பு களைக்கிறது, அவ்வளவுதான். பலம் கூடுவது அதற்குப் பிந்தைய ஓய்வில். மில்லில் இரவு ஷிஃப்ட் வேறு, தூக்கம் குறைவு. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை எண்ணி எழுதச் சொன்னேன். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், அந்த வாரம் எதையும் கூட்டுவதில்லை.

தினமும் ஒரே தூரம், ஒரே வேகம் என்று ஓடினால் உடம்பு அதற்குப் பழகி அங்கேயே நின்றுவிடும். அதனால் செவ்வாய் வேக ஓட்டம், வியாழன் சென்னிமலை மலைப்பாதையில் ஒரு நிமிட ஏற்றங்கள், ஞாயிறு நீண்ட ஓட்டம். மீதி ஒரு நாள் இந்த வாய்க்கால் மண் பாதையில், பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக. பலர் இந்த மெது நாளையும் வேகமாக ஓடிவிடுகிறார்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமை காலில் ஒன்றும் மிச்சமிருக்காது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எட்டாவது வாரம், அக்டோபர் மழையில் தம்பிக்குக் காய்ச்சல். 12 நாள் ஓட்டமே இல்லை. திரும்பி வந்தபோது, கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் முன்பு 142 இருந்த இதயத்துடிப்பு 153 காட்டியது. ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. சில நாளிலேயே அது குறையத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. தசை பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஓடத் தொடங்கினால் அந்த ரத்த அளவு சீக்கிரமே திரும்பிவிடும். பத்தே நாளில் தம்பிக்கு மூச்சு பழையபடி ஆனது. ஆபத்து அங்கேதான். எலும்பும் தசைநாரும் சுமைக்குப் பழக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். மூச்சை நம்பி விட்ட தூரத்தை ஒரே வாரத்தில் பிடிக்கப் போனால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி பிடித்துக்கொள்ளும். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். நாங்கள் 10ஆவது வாரத்தின் மொத்தத் தூரத்தை 16 கிலோமீட்டரில் தொடங்கி, அப்புறம் வாரா வாரம் 22, 28, 32 என்று ஏற்றினோம். காய்ச்சலுக்கு முந்தைய அளவைத் தாண்டாமல் திரும்பிப் போனதால்தான் ஏற்றம் இவ்வளவு வேகமாக இருந்தது. புதிதாக ஓடுபவர் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. இரண்டு மணி நேரம் என்றிருந்த இலக்கையும் 2 மணி 5 நிமிடமாக்கினோம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 55 விநாடி.

கடைசி வாரங்களில் நீண்ட ஓட்டத்தை மண் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு மாற்றி, விடியற்காலையிலேயே தொடங்கினோம். போட்டி நடப்பது தாரில், அதிகாலையில். 14ஆவது வாரம் 18 கிலோமீட்டர் ஓடி, அதில் கடைசி 5ஐ போட்டி வேகத்தில் முடித்தார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் தூரத்தை ஏறக்குறைய பாதியாக்கினோம். செவ்வாய் வேக ஓட்டத்தை மட்டும் விடவில்லை, அதில் ஓடும் சுற்றுகளின் எண்ணிக்கையைத்தான் குறைத்தோம். வேகம் இருக்கும்வரை, தூரம் குறைந்தாலும் சேர்த்த தகுதி இறங்காது. களைப்பு மட்டும் இறங்கும். போட்டியில் முதல் 5 கிலோமீட்டரை 6 நிமிட வேகத்தில் அடக்கி ஓடி, 2 மணி 4 நிமிடத்தில் முடித்தார்.

இப்போது ஒரு வாரம் முழு ஓய்வு. அப்புறம் வாரம் மூன்று ஓட்டம், அதில் ஒன்று வேகமாக. சேர்ப்பதற்குத் தேவைப்பட்டதைவிடக் காப்பதற்குக் குறைவாகவே போதும், அதனால் பொங்கல் வரை இப்படித்தான் போகிறோம்.