குந்தூஸ் மருத்துவமனை: சட்டம் எங்கே வேலை செய்தது, எங்கே நின்றது

வணக்கம். போர்ச் சட்டம் பற்றிப் பேசினால் உடனே வரும் கேள்வி, “அதையெல்லாம் யார் மதிக்கிறார்கள்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரே ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம்.

2015 அக்டோபர் 3, ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரம். ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் மருத்துவமனை மீது அதிகாலை இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு அமெரிக்காவின் ஏசி-130 விமானம் சுடத் தொடங்கியது. நோயாளிகள், ஊழியர்கள், உடனிருந்த உறவினர்கள் என 42 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் தாங்கள் இருக்கும் இடத்தின் துல்லியமான வரைபடக் குறியீடுகளைச் சில நாட்களுக்கு முன்பே ராணுவத்துக்கு அந்த அமைப்பு அனுப்பியிருந்தது.

அங்கே காயம்பட்ட தலிபான் ஆட்களுக்கும் சிகிச்சை நடந்தது. அதில் தப்பே இல்லை. காயம்பட்டுச் சண்டையிலிருந்து விலகியவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் அவருக்கு மருத்துவம் செய்வது மருத்துவரின் கடமை என்கிறது சட்டம், அதனால் கட்டடத்தின் பாதுகாப்பு போய்விடாது. உள்ளே இருந்து சுட்டாலோ, ஆயுதக் கிடங்காக்கினாலோ தான் போகும். அப்போதும் முதலில் எச்சரிக்க வேண்டும், நிறுத்த நியாயமான அவகாசம் தர வேண்டும். குந்தூஸில் எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை.

சரி, ஏன் நடந்தது? அமெரிக்க ராணுவ விசாரணை சொன்னபடி, சுட வேண்டியது சுமார் 400 மீட்டர் தள்ளி, தலிபான் பிடித்து வைத்திருந்த ஓர் அரசுக் கட்டடத்தை. விமானம் அவசரமாகக் கிளம்பியது, தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் விமானிகளிடம் இல்லை, குறிபார்க்கும் கருவி முதலில் ஒரு வெற்று வயலைக் காட்ட, தரையிலிருந்த படையினர் சொன்ன வர்ணனைக்குப் பொருந்துவதாகத் தெரிந்த பெரிய கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது மருத்துவமனை. ஒரு தவறை அடுத்த கட்டத்தில் எதுவும் தடுக்காமல், அது அப்படியே கடந்து போயிருக்கிறது.

அப்புறம் 2016 ஏப்ரலில் 16 பேர் மீது நிர்வாக நடவடிக்கை வந்தது, குற்றவியல் வழக்கு இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை, ஆகவே போர்க் குற்றமில்லை என்பது ராணுவத்தின் வாதம். இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பொதுமக்கள் மீதான தாக்குதல் வழக்குகளில், விளைவைப் பற்றிக் கவலையே இல்லாமல் செய்வதும் ‘வேண்டுமென்று’ என்பதற்குள் வரும் என்று முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க் குற்றங்களை விசாரித்த சர்வதேச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பட்டியல் கையில் இல்லாமலே சுட்டது வெறும் கவனக்குறைவா, அதையும் தாண்டியதா என்பதை ஒரு நீதிமன்றம் எடைபோட்டிருக்கலாம்.

வெளியிலிருந்து விசாரிக்கவும் ஒரு வழி இருந்தது. போர்ச் சட்டத்தின் அடிப்படையான ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான முதல் கூடுதல் நெறிமுறையின் 90-ஆம் பிரிவின்படி அமைந்த சர்வதேச மனிதாபிமான உண்மையறியும் ஆணையத்தை மருத்துவர்கள் அணுகினார்கள், ஆணையமும் தயார் என்றது. ஆனால் அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் ஒப்புக்கொண்டால்தான் அது உள்ளே போக முடியும். ஒப்புதல் வரவில்லை, விசாரணையும் தொடங்கவில்லை.