பெயரை எங்கே அழுத்துவது?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைக்குப் பெயர் தேடும்போது நாள், நட்சத்திரம், எழுத்து எல்லாம் பார்க்கிறோம். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறோமா? அதிலும் அந்தப் பிள்ளை நாளை லண்டனிலோ டொராண்டோவிலோ படிக்கப்போகிறது என்றால், அந்த ஊர் வாய்க்கும் பெயர் பொருந்த வேண்டும்.

கமலா ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில், சிகாகோவில் அவர் கட்சியின் மாநாடு. அவருடைய தங்கையின் பேத்திகள் இரண்டு சிறுமிகள் மேடையேறி, கூட்டத்துக்குப் பெயர் சொல்லப் பழக்கினார்கள். அரங்கின் ஒரு பக்கம் 'கமா' என்று கத்த வேண்டும். நிறுத்தற்குறி கமாதான், ஆங்கிலத்தில் அதற்கு அழுத்தம் முதல் அசையில்! மறுபக்கம் 'லா'. நம்மூரில் தெருவுக்கு ஒரு கமலா இருப்பார், யாரும் பாடம் நடத்தியதில்லை.

அங்கே மட்டும் ஏன் அந்தப் பாடு? ஆங்கிலத்தில் ஒரு பெயரில் ஏதாவது ஓர் அசையை அழுத்தியே ஆக வேண்டும். அழுத்திய அசை நீளும், மற்றவை மங்கும். மூன்று அசையாக, 'ஆ'வில் முடியும் வெளிநாட்டுப் பெயர் என்றால் அவர்கள் வாய் பெரும்பாலும் நடு அசைக்குத்தான் போகும். கமலாவின் நடு எழுத்து குறில். அதை அழுத்தினால் 'கமாலா' ஆகிவிடுகிறது. நமக்கோ அழுத்தம் பெரிதில்லை, குறில் நெடில்தான் கணக்கு.

ஆகவே, ஆங்கில அழுத்தம் எங்கே விழுமோ அங்கே நெடில் இருக்கட்டும். சுஜாதாவில் நடுவே 'ஜா'. எவ்வளவு அழுத்தினாலும் கெடாது. இரண்டு அசைப் பெயர் என்றால் அழுத்தம் பெரும்பாலும் முதலில். அந்தக் குடும்பத்திலேயே பாருங்கள், தங்கை மாயா, தங்கை மகள் மீனா. அழுத்தம் விழும் இடத்தில் நெடில், சொல்லித்தரத் தேவையே இல்லை. மறுபடி சொல்கிறேன், அழுத்தம் விழும் இடத்தில் நெடில்.

அடுத்தது மோனை. அப்பா பெயர் சிவக்குமார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் அது பெண்ணின் பெயருக்குப் பின்னால் முழுசாக வந்து நிற்கும். 'சிவானி சிவக்குமார்' என்றால் 'சிவ' இரண்டு முறை வந்து திக்குவதுபோல் இருக்கிறது. 'தீபா சிவக்குமார்'? யாப்பிலக்கணப்படி 'த'வும் 'ச'வும் ஓரினம், ஆகவே 'தீ'யும் 'சி'யும் இனமோனை. ஆனால் ஆங்கிலக் காதுக்கு அது மோனையே இல்லை. அங்கே அதே மெய்யொலி திரும்ப வர வேண்டும், உயிர் எதுவானாலும் சரி. 'சீதா சிவக்குமார்' சொல்லிப் பாருங்கள். சீ, சி, இரண்டு கணக்கும் நேராகின்றன. 'சீதா' தேமா, 'சிவக்குமார்' கருவிளம், சின்னது முன்னால், பெரியது பின்னால், நடை தானாக வருகிறது. முதல் 'சீ'யை எவர் அழுத்தினாலும் நல்லதுதான்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆண்பிள்ளைப் பெயருக்கு நேரமில்லை, ஒன்றுமட்டும். 'நிகில் லோகநாதன்' போல முதல் பெயர் முடிகிற மெய்யிலேயே அடுத்தது தொடங்கினால், வேகமாகச் சொல்லும்போது 'நிகிலோகநாதன்' ஆகிவிடும். அதோடு, 'பிரதீப்' போல வல்லினத்தில் முடிந்தால் நம் பாட்டிகள் 'பிரதீப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். வணக்கம்.