கார்டு லிமிட் போட்டும் பணம் போனது எப்படி?

கேள்வி: "மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், முதல் வருஷம். அவள் டெபிட் கார்டுக்கு ஒரு நாளைக்கு 2,000 என்று லிமிட் வைத்தேன். ஆனால் ஒரே நாளில் 6,500 ரூபாய் போயிருக்கிறது. லிமிட் வேலை செய்யவில்லையா, சார்?"

லிமிட் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறதும்மா. அந்தப் பணம் கார்டு வழியாகப் போயிருக்காது, யுபிஐ வழியாகப் போயிருக்கும். கார்டில் நீங்கள் வைக்கும் லிமிட் ஏடிஎம், கடை மெஷின், ஆன்லைனில் கார்டு நம்பர் போட்டு வாங்குவது, இவற்றுக்கு மட்டும்தான். யுபிஐ நேராக சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கும். அதன் பொதுவான உச்சவரம்பு ஒரு நாளைக்கு 1 லட்சம். பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான்.

கார்டு வேலை சுலபம். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன்லைனையும் அணைத்துவிடுங்கள், ஏடிஎம்முக்கு 2,000 போதும். தட்டினாலே பணம் போகும் வசதியையும் அணையுங்கள். அதில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போகலாம்.

யுபிஐக்கு நான் சொல்வது 'யுபிஐ சர்க்கிள்'. உங்கள் ஆப்பில் மகளைச் சேர்த்து, மாதம் 6,000 என்று வரம்பு வைக்கலாம். அவள் கடையில் ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்கிலிருந்து போகும், தகவலும் உங்கள் போனுக்கே வரும். இப்படி மாத வரம்பு கொடுத்தால் அதிகபட்சம் 15,000, ஒரு தடவைக்கு 5,000. ஒவ்வொரு முறையும் நீங்களே ஒப்புதல் தருகிற வகையும் இருக்கிறது. ஆனால் கேன்டீனில் தோசைக்கு அவள் நிற்கும்போது நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தால் பாவம், அவள் காத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். மாத வரம்பே நல்லது.

ஆனால் ஒன்று: அவள் சொந்தக் கணக்கு அவள் போனில் யுபிஐயோடு இணைந்திருந்தால் அந்த வழி திறந்தேதான் இருக்கும். அதனால் ஃபீஸ் பணத்தை அந்தக் கணக்கில் போடாதீர்கள், நீங்களே கல்லூரிக்குக் கட்டிவிடுங்கள். அவள் கணக்கில் 1,000, 1,500 இருந்தால் போதும். குறைந்தபட்ச இருப்பு கேட்கிற கணக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எஸ்எம்எஸ். வங்கியில் பதிந்த நம்பருக்குத்தான் வரும். யுபிஐக்கு அதே சிம் அவள் போனில் இருக்க வேண்டும் என்பதால் உங்கள் நம்பரைக் கொடுக்க முடியாது. அவளிடம் கேட்டுக்கொண்டு, ஈமெயில் தகவலை உங்களுக்கும் திருப்பி அனுப்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ் அனுப்பாத வங்கிகளும் உண்டு. யுபிஐ லைட் என்று, சின்னச் செலவுகளுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் வசதி இருக்கிறது. அதை அவள் வைத்திருந்தால், அதில் பணம் ஏற்றியது மட்டும்தான் பாஸ்புக்கில் ஒரே வரியாகத் தெரியும். டீ, ஜெராக்ஸ் எல்லாம் ஆப்புக்குள்ளேதான் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு 'இந்த 1,000 எங்கே போச்சு' என்று மகளிடம் சண்டைக்குப் போகாதீர்கள்!